மார்ச்சில் விழும் அரை மணி நேர ஓட்டை

சிங்கப்பூர், லண்டன், சான் பிரான்சிஸ்கோ என மூன்று ஊர்க் குழுக்கள் 24 மணி நேரச் சேவையைப் பகிர்ந்தால், எல்லாருக்கும் உள்ளூர் நேரம் 9:00 முதல் 5:30 வரை என்று ஷிப்ட் போடத் தோன்றும். குளிர்காலத்தில் அது கச்சிதமாகப் பொருந்தும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் அரை மணி நேரம் கிடைக்கும்.

சிக்கல் மார்ச்சில். இரண்டாம் ஞாயிறன்று அமெரிக்கா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளும், சிங்கப்பூரில் நாம் மாற்றுவதில்லை. மறுநாள் திங்கள் காலை அவர்கள் நம் நேரம் 8:30க்கே கிளம்பிவிடுவார்கள். நாம் வரும் 9:00 வரை அலாரம் அடித்தால் எடுக்க ஆளில்லை.

சரி, நாம் 8:00க்கு வந்து 4:30க்குக் கிளம்பலாமா? லண்டன் மார்ச் கடைசி ஞாயிறில்தான் மாறும். அதுவரை இரண்டு மூன்று வாரம் அவர்கள் நம் நேரம் மாலை 5:00க்குத்தான் வருவார்கள். ஓட்டை மாலைக்கு நகரும். அந்த வாரங்களில் இங்கே ஒருவர் 8:00க்கும் இன்னொருவர் 9:00க்கும் தொடங்குவதே நல்லது. லண்டன் மாறியபின் நவம்பர் முதல் ஞாயிறுக்கு அமெரிக்கா திரும்பும்வரை இங்கே எல்லாருமே 8:00க்கு வரலாம். ஆனால் அதற்கு ஒரு வாரம் முன்பே, அக்டோபர் கடைசி ஞாயிறில், லண்டன் பழைய நேரத்துக்குத் திரும்பிவிடும். அந்த வாரமும் இதே இரட்டை ஏற்பாடுதான்.

பட்டியலை UTC நேரத்தில் எழுதி, பக்கத்தில் உள்ளூர் நேரம் போடுங்கள். ஓட்டை உடனே தெரியும். அப்புறம், அடுத்தவர் "எடுத்துக்கொண்டேன்" என்று பதில் எழுதும்வரை பொறுப்பு கிளம்புபவருடையதே.