பில்லில் பழைய கம்பெனி பெயர்: 72 மணி நேரத்தில் மாற்றிய கதை

பட்டர்வொர்த்தில் கடைக்கு பிரிண்டர் வாங்கினேன், இ-இன்வாய்ஸ் வந்தது, பார்த்தால் நான் சென்டிரியான் பெர்ஹாட் ஆக்குவதற்கு முன்னால் இருந்த எண்டர்பிரைஸ் பெயர். எஸ்எஸ்எம் பதிவு எண்ணும் பழையதுதான். 12 இலக்கத்தில் ஐந்தாவது, ஆறாவது 03 என்றிருந்தால் அது எண்டர்பிரைஸ், கம்பெனிக்கு 01 வரும், எனக்குக் கண்ணில் பட்டதே அதுதான். “பேனாவால் திருத்தி சாப் குத்தித் தரேண்ணே” என்றார் கடைக்காரத் தம்பி. அது செல்லாது.

வரி வாரியத்தின் சரிபார்ப்பு முடிந்து 72 மணி நேரம் ஆகவில்லை என்பதால் MyInvois தளத்தில் காரணத்தோடு நிராகரிப்புக் கோரிக்கை போட்டேன். ஆனால் ரத்து செய்ய வேண்டியது விற்பவர்தான், அதனால் எஸ்எஸ்எம் சான்றிதழையும் C-யில் தொடங்கும் வரி எண்ணையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், விடாமல் அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாள் ரத்தாகிப் புதியது வந்தது. நேரம் தாண்டியிருந்தால் கிரெடிட் நோட் போட்டுப் பிறகு புது இன்வாய்ஸ், ரெண்டு வேலை.