எலும்பு பிரிக்கும்போது இடக்கைக்கு என்ன போடுவது?

கொழும்பு கிராண்ட்பாஸ் பக்கம் ஓர் இறைச்சிக் கடையில் எலும்பு பிரிக்கிற வேலை செய்கிறேன். போன வருசம் என் இடக்கைப் பெருவிரலின் அடியில் கத்தி இறங்கியது. வெட்டுத் தாங்கும் கையுறை போட்டிருந்தேன். கழற்றிப் பார்த்தால் கையுறையில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. ஊசி குத்தின மாதிரி ஓர் ஓட்டை, அதைச் சுற்றி நனைந்த சிவப்பு வட்டம், அவ்வளவுதான். அது எப்படி நடந்தது என்று விளங்கிக்கொண்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

1. கையுறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள்

சுத்தியல் படத்தோடு ஈஎன் 388 என்ற தரக்குறி இருக்கும். அதற்கடியில் நான்கு எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் வரும். அந்த எழுத்து ஏ முதல் எஃப் வரை போகும். எஃப்தான் வெட்டை அதிகம் தாங்குவது. நானும் அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் அது கத்தியின் விளிம்பு கையுறைமேல் இழுபடுவதை மட்டுமே அளக்கிறது. நான்காவது எண் குத்துக்குரியது, ஆனால் அந்தச் சோதனையில் அழுத்துவது மழுங்கின முனையுள்ள தடித்த கம்பியை. எலும்பு பிரிக்கும் கத்தியின் நுனி அப்படியா இருக்கிறது? பின்னலின் கண்களை விலக்கிக்கொண்டு அது உள்ளே போய்விடும்.

நம்பாவிட்டால் கையுறை விரலுக்குள் ஒரு கரட்டைச் செருகிப் பலகையில் கட்டிவையுங்கள். உங்கள் கை பக்கத்தில் இருக்கக் கூடாது. விளிம்பால் ஒருமுறை இழுத்துவிட்டு, பிறகு நுனியால் குத்திப் பாருங்கள். இழுத்த இடமும் குத்தின இடமும் கரட்டில் எப்படி இருக்கின்றன என்று பார்த்தாலே போதும்.

2. எலும்பு பிரிக்க இரும்பு வளையக் கையுறை

மாட்டுத் தோள்பட்டையைப் பிரிக்கும்போது இடக்கை இறைச்சியை இழுத்துப் பிடிக்கும், கத்தி நுனி எலும்போடு ஒட்டிப் போகும். அந்தத் தட்டை எலும்பின் நடுவில் ஒரு மேடு உண்டு. நுனி அதில் முட்டித் துள்ளினால் நேரே இடக்கைக்குத்தான் வரும். எனக்கு நடந்தது அதுதான். இந்த வேலைக்குத் துருப்பிடிக்காத வளையங்களைக் கோத்துச் செய்த கையுறைதான் வேண்டும். துண்டு போடுவதற்கும் கொழுப்புச் சீவுவதற்கும் பின்னல் கையுறை போதும்.

மணிக்கட்டுப் பட்டியின் நிறம் அளவைச் சொல்லும்: வெள்ளை சிறியது, சிவப்பு நடுத்தரம், நீலம் பெரியது. விரல் நுனியில் தொங்கினால் இறைச்சியில் பிடி கிடைக்காது, பிறகு கழற்றி வைத்துவிடுவீர்கள். ஓர் அளவு சிறியதையே எடுத்து, மேலே றப்பர் இறுக்கியைப் போடுவதுதான் எனக்குப் பிடிக்கும். தினமும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பாருங்கள். ஒரு வளையம் விட்டிருந்தாலும் அன்று அதைப் போடாதீர்கள்.

3. குளிர் அறையிலிருந்து வந்த கை

அன்று நான் குளிர் அறையில் கால்மணி நேரம் துண்டங்களைத் தூக்கி அடுக்கிவிட்டு நேரே பலகைக்கு வந்தேன். விரல் விறைத்திருந்தால் பிடி தளர்ந்தது தெரியாது. கொழுப்புப் படிந்த பிடியில் கை முன்னால் வழுக்கி அலகின்மேல் போவதும் அப்படித்தான். சட்டைப் பொத்தானைப் போட்டுப் பாருங்கள். தடுமாறினால் கையைச் சூடாக்கிவிட்டுக் கத்தியைத் தொடுங்கள். இரும்பு கையைக் குளிரவைக்கும் என்பதால் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போடுகிறேன்.

4. கால் நிற்கும் இடம்

இழுத்து வெட்டுகிறவருக்குக் கால் ஊன்ற வேண்டும். கொழுப்பின்மேல் வெந்நீரை மட்டும் ஊற்றினால் அது உருகிப் பரவி, ஆறியதும் கண்ணுக்குத் தெரியாத படலமாக இறுகும். முதலில் சுரண்டி அள்ளுங்கள், பிறகு கொழுப்பு நீக்கும் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, நீரைத் தள்ளிவிடுங்கள். கத்தி கைதவறி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், பின்னால் விலகுங்கள்.

குத்துப்பட்டால்

காயத்தின் வாய் சிறிது என்று பிளாஸ்டர் ஒட்டி வேலையைத் தொடர்ந்தேன், அது பெரிய பிழை. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். இரத்தம் நின்றபின் நுனி மூட்டை மடக்குங்கள்; மடங்காவிட்டால் தசைநாண் அறுந்திருக்கலாம். விரல் நுனியின் இரு பக்கமும் மெல்லத் தொடுங்கள்; ஒரு பக்கம் மரத்திருந்தால் நரம்பு. இரண்டும் சரியாக இருந்தாலும் ஆழமான குத்தை வைத்தியர் பார்க்க வேண்டும், ஏற்பூசியும் கேளுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் 1990 அம்புலன்ஸ். எனக்கு மரத்ததை மூன்றாம் நாள்தான் கவனித்தேன். இன்றும் அந்தப் பக்கம் உணர்ச்சி பாதிதான்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஒரு தம்பி, இரும்புக் கையுறையோடு எலும்பு அறுக்கும் இயந்திர வாளில் வேலை செய்வதாக எழுதியிருந்தார். தம்பி, தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். வாளின் பல் வளையத்தில் கொளுவினால் கையையே உள்ளே இழுத்துவிடும். அந்த வாளில் கையுறையை நம்பக் கூடாது. துண்டத்தைத் தள்ளுகட்டையால் தள்ளுங்கள்.

இன்னொன்று: பின்னல் கையுறையை எதில் துவைப்பது என்று கேட்டிருந்தார்கள். கெவ்லார் நூல் என்றால் குளோரின் கலந்த வெளுப்பு நீர் வேண்டாம், நூல் வலுவிழக்கும். இளஞ்சூட்டு நீரும் சாதாரண சோப்பும் போதும்.