ஹார்மோன் மாத்திரையும் ஏறும் எடையும்: ஆறு மாதத்துக்கு ஒரு சாப்பாட்டுத் திட்டம்

“மேடம், இந்த மாத்திரையை நிறுத்திட்டா வெயிட் இறங்கிடுமா?”

மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்து ஹார்மோன் மாத்திரையில் இருக்கும் பெண்கள், என் எதிரே உட்கார்ந்ததும் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். உணவியல் ஆலோசகராக நான் முதலில் சொல்வதும் ஒன்றுதான்: மாத்திரையில் கை வைக்காதீர்கள். ஐந்து வருடம், சிலருக்கு அதற்கு மேலும் தினம் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருப்பது நோய் திரும்பி வராமல் இருக்க. எடையைச் சாப்பாட்டுத் தட்டில் சரிசெய்துகொள்ளலாம்.

எப்படி என்பதை ஒருவரின் கணக்கை வைத்தே சொல்கிறேன். அந்த அக்காவுக்கு 52 வயது, உயரம் 155 செ.மீ. ஆபரேஷன், கீமோ, கரண்ட் எனும் கதிர்வீச்சு எல்லாம் முடிந்து இரண்டு வருடமாக லெட்ரோசோல் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிடுகிறார். நோய் தெரிந்தபோது 62 கிலோ. என்னிடம் வந்தபோது 69.

எடை ஏன் ஏறுகிறது?

பழி முழுவதும் மாத்திரை மேல் விழுகிறது. ஆனால் டாமோக்சிஃபென் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களையும் மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளில், இரு பக்கமும் எடை ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஏறியது. காரணங்கள் பல சேர்ந்தே வருகின்றன. கீமோவால் மாதவிலக்கு சீக்கிரமே நின்றுபோகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கொழுப்பு தொடையை விட்டு வயிற்றுக்கு இடம் மாறுகிறது. அசதியில் படுத்தே கிடந்த மாதங்களில் தசை கரைகிறது. தசை குறைந்த உடலுக்கு அன்றாடக் கலோரிச் செலவும் குறைவு, அதனால் பழைய அளவு சாப்பாடே இப்போது அதிகமாகிவிடுகிறது. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாதிரி மாத்திரைகள் மூட்டுகளில் வலியும் விறைப்பும் தருவதால் நடையும் குறைகிறது. ராத்திரி உடம்பு குப்பென்று சூடாகி வியர்த்துத் தூக்கம் கெட்டால், மறுநாள் இனிப்புக்கு நாக்கு அலையும்.

அதனால் சாப்பாட்டைப் பாதியாக வெட்டுவது இங்கே சரிவராது. ஏற்கெனவே குறைந்த தசை இன்னும் குறையும். கொழுப்பை இறக்கி, தசையைக் காப்பாற்ற வேண்டும்.

படி 1: ஒரு வாரம், எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும். வாயில் போவது எல்லாம், நேரத்தோடு. காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, தோசைக்கு எவ்வளவு எண்ணெய், பேரன் மிச்சம் வைத்த பிஸ்கட், எல்லாமும்தான்.

அக்காவின் நோட்டில் மூன்று வேளைச் சாப்பாடு அப்படியொன்றும் அதிகமாக இல்லை. காலையில் நான்கு இட்லி, மதியம் இரண்டரை கப் சோறும் குழம்பும் பொரியலும், ராத்திரி மூன்று தோசை. என் கண்ணில் பட்டது இடையில் இருந்தவை. 11 மணிக்கு நான்கு பிஸ்கட், 4 மணிக்கு நான்கு பிஸ்கட், படுக்கும்முன் ஒரு டம்ளர் சத்து பானம்.

“இது எப்போதிலிருந்து அக்கா?”

“கீமோ போட்டப்ப வயிறு காலியா இருந்தா குமட்டும். எதையாவது கடிச்சுக்கிட்டே இருன்னு நர்ஸ் சொன்னாங்க. சத்து மாவு பால் என் பொண்ணு ஆரம்பிச்சது.”

கீமோ சமயத்தில் அது சரியான ஆலோசனைதான். அப்போது குமட்டலுக்காகத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் பசியைக் கிளப்பும். கீமோ முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, பிஸ்கட் டப்பா மட்டும் கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. என்னிடம் வரும் நோட்டுகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

படி 2: நடக்கக்கூடிய இலக்கு

அக்கா கேட்டது பழைய 62. நான் எழுதியது, இப்போதைய எடையில் 5 சதவீதம். 69 கிலோவில் அது சுமார் மூன்றரை கிலோ. காலம், ஆறு மாதம். அதாவது மாதத்துக்கு 600 கிராம்.

இவ்வளவுதானா என்று முகம் சுருங்கியது. ஆனால் 5 சதவீதம் இறங்கினாலே சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு எல்லாம் நல்ல பக்கம் திரும்பத் தொடங்கும். வேகமாக இறக்கினால் போவதில் தசையின் பங்கு கூடிவிடும்.

ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி. மூன்றரை கிலோவை 180 நாளில் பிரித்தால் நாளுக்கு 150 கலோரி வருகிறது. ஆனால் எடை இறங்க இறங்க உடலும் செலவைச் சுருக்கிக்கொள்ளும், கல்யாணம் காட்சி என்று சில நாள் தவறும். அதனால் நாளுக்கு 300 கலோரி குறைப்பது என்று வைத்துக்கொண்டோம்.

இன்னும் எடை ஏறிக்கொண்டே இருப்பவர்களுக்கு நான் இந்த இலக்கைக்கூடத் தருவதில்லை. முதல் மூன்று மாதம் ஏறாமல் நின்றால் அதுவே அவர்களுக்கு இலக்கு.

படி 3: கீமோ காலத்து மிச்சத்தை எடுங்கள்

முதல் இரண்டு வாரம் சோற்றின் அளவையும் இட்லியின் அளவையும் மாற்றவே இல்லை. படுக்கும்முன் குடித்த சத்து பானம் நின்றது. பாலும் மாவும் சர்க்கரையும் சேர்ந்து அதில் சுமார் 200 கலோரி. எட்டு பிஸ்கட்டில் இன்னொரு 200. மூன்று காபிக்கும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை ஒன்றாகக் குறைந்ததில் 60. டிவி முன்னால் வாரத்தில் மூன்று நாள் கைப்பிடி மிக்சர், அதைச் சராசரி பார்த்தால் நாளுக்கு 70.

ஆக 530 கலோரி வெளியே போனது. பதிலுக்குக் காலையில் ஒரு அவித்த முட்டையும், சாயங்காலம் அரை கப் கொண்டைக்கடலைச் சுண்டலும் உள்ளே வந்தன, சுமார் 200 கலோரி. மிச்சம் 330. இலக்கைத் தொட்டாயிற்று, பட்டினியும் இல்லை.

படி 4: சோற்றுக்கு முன் பருப்பு

இதற்குத்தான் பொறுமை வேண்டும். புரதம் உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் ஒரு கிராம் இருந்தால் நல்லது. அக்காவுக்கு 60-லிருந்து 70 கிராம் வரை. அவருடைய பழைய நோட்டில் கூட்டிப் பார்த்தேன், 40-ஐத் தாண்டவில்லை. நான்கு இட்லியில் 8 கிராம்தான். சாம்பாரில் பருப்பு கரைந்து எங்கோ கிடந்தது.

மதியத் தட்டை மாற்றினோம். சோறு இரண்டரை கப்பிலிருந்து ஒன்றரை. விட்ட ஒரு கப் இடத்தில் கெட்டியான பருப்புக் கூட்டு ஒரு கரண்டி கூடுதலாக, ஒரு கப் தயிர். கலோரி ஏறக்குறைய சரிக்குச் சரிதான், ஆனால் புரதம் ஏறுகிறது. முதலில் கூட்டும் பொரியலும், அப்புறம் சோறு என்ற வரிசையில் சாப்பிடச் சொன்னேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் குழம்பு மீன், 100 கிராம் மீனில் 20 கிராம் புரதம் கிடைக்கும். இத்தனையும் சேர்த்து 60-ஐ ஒட்டி வந்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டும்முன் டாக்டரைக் கேட்டுவிட வேண்டும்.

மீல் மேக்கர் சாப்பிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். சோயாவில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறதாமே என்ற பயம். சாப்பாடாகச் சாப்பிடும் சோயாவுக்குப் பயப்பட வேண்டாம், மாத்திரையாக விற்கும் சோயாச் சத்துதான் கூடாது. மஞ்சளும் அப்படித்தான். குழம்பில் போடும் மஞ்சள் பிரச்சினை இல்லை. மிளகுச் சத்து சேர்த்து விற்கும் மஞ்சள் மாத்திரை, டாமோக்சிஃபெனிலிருந்து உடலில் உருவாகும் செயல்படும் மருந்தின் அளவைக் குறைத்துவிடக்கூடும். எடை குறைக்கும் மூலிகைப் பொடிகள் எதையும் டாக்டரிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

எண்ணெய்க்கு ஒரு எளிய வழி உண்டு. ஒரு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். வீட்டில் நான்கு பேர் என்றால் இரண்டு லிட்டர் வாங்கி, தேதி எழுதி வையுங்கள். 20-ஆம் தேதியே தீர்ந்தால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடும்.

படி 5: தசைக்கு வேலை

நாற்காலியில் உட்கார்ந்து, கையூன்றாமல் எழுந்து, மறுபடி மெதுவாக உட்காருங்கள். எட்டு முறை, ஒரு நாளைக்கு இரண்டு தடவை. நடை பத்து பத்து நிமிடமாக மூன்று வேளை. காலையில் மூட்டு விறைப்பாக இருக்கும், நடந்தால்தான் இளகும். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில் வீக்கம் இருந்தால், எடை தூக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகே தொடங்குங்கள்.

படி 6: அளப்பது

வாரத்தில் ஒரே நாள், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில். தினமும் ஏறி நின்றால் உப்பு, மலச்சிக்கல் காரணமாக ஒரு கிலோ மேலும் கீழும் ஆடும், மனசு கெடும். மாதம் ஒருமுறை வயிற்றுச் சுற்றளவு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் டேப் வைக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ. வரை நல்லது. அக்காவுக்கு 94.

எடை இறங்குகிறது, சுற்றளவு அப்படியே நிற்கிறது, நாற்காலியிலிருந்து எழுவது முன்பைவிடக் கஷ்டமாக இருக்கிறது என்றால் தசை போகிறது என்று சந்தேகப்படுங்கள். புரதத்தைக் கூட்டி, வேகத்தைக் குறைக்க வேண்டும்.

தடுமாறும் இடம்

மூன்றாம் மாதம் அக்காவின் எடை இறங்காமல் நின்றுபோனது. நோட்டில் சத்து பானம் திரும்பியிருந்தது. ஒரு விசேஷத்தில் சொந்தக்காரர்கள், “என்ன இப்படி இளைச்சுட்டே, திரும்ப வந்துருச்சா?” என்று கேட்டிருக்கிறார்கள். மகள் பயந்துபோய்ப் பாலை மறுபடி நீட்டிவிட்டாள். மகளை வரவழைத்து நோட்டைக் காட்டினேன். திட்டம் போட்டு மாதம் 600 கிராம் இறங்குவது வேறு, முயற்சியே இல்லாமல் இறங்குவது வேறு. இரண்டாவதற்குத்தான் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அதேபோல ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறி கால் வீங்கினாலோ, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தாலோ, மூச்சு திணறினாலோ, டாமோக்சிஃபென் சாப்பிடும்போது பிறப்புறுப்பில் ரத்தப்போக்கு வந்தாலோ அது சாப்பாட்டு விஷயம் இல்லை. அன்றைக்கே மருத்துவமனை.

ஆறு மாதம் முடிந்தபோது அக்கா 66.1 கிலோ, சுற்றளவு 89. இலக்குக்கு 600 கிராம் பாக்கி. கையூன்றாமல் பன்னிரண்டு முறை எழுகிறார். அடுத்த மூன்று மாதத்துக்கு எதையும் குறைக்க வேண்டாம், இதே 66-ல் நில்லுங்கள் என்று நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.