16ஏ சான்றிதழை வங்கி வரவோடு ஒப்பிடாதீர்கள்

டிடிஎஸ் பிடித்ததற்கு வாடிக்கையாளர் தரும் 16ஏ சான்றிதழில் உள்ள தொகையை, லெட்ஜரில் ஜிஎஸ்டி சேர்க்காத பில் தொகையோடு ஒப்பிடுங்கள். வங்கியில் வந்த பணத்தோடு ஒப்பிட்டால் ஒருபோதும் ஒத்துவராது.

ராணிப்பேட்டையில் தோல் ஜாப் ஒர்க் செய்யும் ஒரு கூட்டு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். பில் 1,00,000, ஜிஎஸ்டி 5 சதவீதம். வாடிக்கையாளர் 2 சதவீதம், அதாவது 2,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்துக்கொண்டு 1,03,000 அனுப்புவார். சான்றிதழிலோ 1,00,000 என்றுதான் இருக்கும். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதன்மேல் டிடிஎஸ் கிடையாது. வரவிலிருந்து பில் தொகையை எடுக்க எக்செல்லில் இது போதும் (B வரவு, C டிடிஎஸ்):

```
=(B2+C2)/1.05
```

அப்புறம் வாடிக்கையாளரின் டான் எண், காலாண்டு இரண்டையும் வைத்துக் கூட்டிப் பாருங்கள். காலாண்டை வரவுத் தேதியில் எடுக்கவே கூடாது. மார்ச்சில் அவர் கணக்கில் ஏற்றிய பில்லுக்கு ஏப்ரலில் பணம் வந்தாலும், சான்றிதழ் ஜனவரி–மார்ச் காலாண்டுக்குத்தான் வரும். வித்தியாசம் வந்தால் முதலில் இங்கேதான் தேடுவேன்.

சான்றிதழ் எண்ணைத் தனிப் பத்தியில் குறித்து வையுங்கள், ஒரே சான்றிதழ் இரண்டு முறை ஏறாது. அவர் திருத்தக் கணக்கு தாக்கல் செய்திருந்தால் அதே காலாண்டுக்குப் புதிதாக ஒன்று தருவார். கடைசியாகப் புதுப்பித்த தேதி உள்ளதை மட்டும் எடுங்கள்.

முன்பணத்துக்கு இது சரிவராது. அதில் பணம் தரும்போதே டிடிஎஸ் பிடித்துவிடுவார்கள், பில் அடுத்த காலாண்டில்கூட வரலாம். அந்த வரவுகளைத் தனியாகப் பிரித்துவிடுங்கள்.