பந்தயக் கடன்: அதிகம் மிரட்டுகிறவனுக்கு முதலில் கட்டாதீர்கள்

பெங்களூரு பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கி, எலெக்ட்ரானிக் சிட்டியில் மாதம் 32,000 ரூபாய்க்கு வேலை பார்க்கும் தர்மபுரிப் பையன் ஒருவன் என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைன் கிரிக்கெட் பந்தயத்தில் விட்டது இப்போது மூன்று கடனாக நிற்கிறது. வங்கியில் பர்சனல் லோன், இ.எம்.ஐ. 6,500. கிரெடிட் கார்டில் 60,000. உடனடிக் கடன் ஆப் ஒன்றில் 5,000. சம்பளம் வந்ததும் முதலில் யாருக்குக் கட்டுவான்? அநேகமாக ஆப்காரனுக்குத்தான். வங்கி எஸ்.எம்.எஸ். அனுப்பும், ஆப்காரனோ “உங்க அம்மாவுக்கு போன் போடவா?” என்பான்.

பெரிய தவறு அடுத்த வாரம் நடக்கிறது. 5,000 கடன் என்று சொன்னாலும் பிராசஸிங் கட்டணம் போகக் கையில் வந்தது 3,000தான். ஏழாம் நாள் 5,000 திருப்ப வேண்டும். கையில் காசில்லை என்று அதே மாதிரி இன்னொரு ஆப்பில் வாங்கி அடைக்கிறான். 5,000 கையில் வர அங்கே 8,300 கடன் எழுத வேண்டும். அதை அடைக்க மூன்றாவது ஆப்பில் கிட்டத்தட்ட 13,900. அதையும் அடைக்க நான்காவதில் 23,000. கையில் வாங்கியது 3,000. நான்காம் வாரக் கடைசியில் கட்ட வேண்டியது 23,000. ஆப் கடனை ஆப் கடனால் அடைக்கவே கூடாது என்பது இந்தக் கணக்கால்தான். ‘ஒரு மேட்ச் ஜெயிச்சா எல்லாம் முடிஞ்சிடும்’ என்று விட்டதைப் பிடிக்கப் போவதும் இதே குழிதான். ஆட்டத்தை நிறுத்த முடியவில்லை என்றால் ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. மனசு உடைந்து வேண்டாத யோசனை வந்தால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

அடுத்தது கார்டு. மினிமம் டியூ 3,000 கட்டினால் போதும் என்று விட்டுவிடுகிறோம். மாதம் மூன்றரை சதவீத வட்டி என்றால் 60,000-க்கு வட்டியே 2,100, அதன்மேல் ஜி.எஸ்.டி. 378. கட்டிய 3,000-ல் அசலில் குறைவது ஐநூற்றுச் சொச்சம். அதே பாக்கியை 16 சதவீதத்தில் 24 மாத இ.எம்.ஐ.யாக மாற்றித் தந்தால் மாதம் ஏறக்குறைய அதே 3,000தான் வரும். ஆனால் இரண்டு வருடத்தில் கடன் தீரும். கார்டை அதன்பின் தேய்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

வங்கியிடம் இப்படித் தவணையை மாற்றிக் கேட்க வேண்டியது தவணை தவறிய பிறகல்ல, அதற்கு முன்னால். கணக்கில் பணமில்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் ஒவ்வொரு தடவையும் பவுன்ஸ் கட்டணம் விழும். கடன் கட்ட முடியாதது மட்டும் குற்றமாகாது. ஆனால் அப்படித் திரும்பிய தவணைக்கு செக் பவுன்ஸ் போலவே வழக்குப் போட சட்டத்தில் இடமிருக்கிறது. போனில் கெஞ்சுவதைவிட ஈமெயிலில் எழுதுவது நல்லது: சம்பளம் இவ்வளவு, வாடகை இவ்வளவு, மாதம் இவ்வளவு கட்ட முடியும், தவணைக் காலத்தை நீட்டித் தாருங்கள். பந்தயம் ஆடியதை மறைக்க ஆஸ்பத்திரிச் செலவு என்று கதை கட்டாதீர்கள். ஸ்டேட்மெண்டில் எல்லாம் தெரியும். 2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் தண்டிப்பது நடத்துகிறவர்களையும் விளம்பரம் செய்கிறவர்களையும் அதற்குப் பணப் பரிமாற்றம் செய்து தருகிறவர்களையும்தான், ஆடியவரை அல்ல. வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லாவிட்டாலோ cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம்.

மிரட்டும் ஆப்பைக் கோபத்தில் உடனே அழித்துவிடுவதும் தவறு. அழித்தாலும் அவன் எடுத்த கான்டாக்ட் பட்டியல் அவனிடமே இருக்கும். உங்கள் ஆதாரம்தான் போகும். முதலில் கடன் விவரம், பணம் போட்ட கணக்கின் பெயர், மிரட்டல் மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். முறையான கடன் ஆப் கான்டாக்ட், போட்டோ, கால் பட்டியலைத் தொடக் கூடாது. எந்த வங்கி அல்லது என்.பி.எஃப்.சி. எனும் வங்கியல்லாத நிதி நிறுவனத்தின் பணம் என்று சொல்ல வேண்டும். திருப்பும் பணமும் அந்த நிறுவனத்தின் கணக்குக்கே போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பேரில் யூ.பி.ஐ. ஐ.டி. வந்தால் அது முறையான ஆப் அல்ல. அங்கே கட்டினாலும் ‘வரவில்லை’ என்று மறுபடி கேட்பான். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in தளத்தில் புகார் பதியுங்கள். வீட்டுக்கும் நெருங்கியவர்களுக்கும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மிரட்ட அவனிடம் பெரிதாக ஒன்றும் இருக்காது. முறையான நிறுவனத்தின் வசூல் ஆளாக இருந்தாலும் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ கூப்பிடக் கூடாது.

பாதித் தொகைக்கு ‘செட்டில்மெண்ட்’ பேசுகிறவர்களிடம் கொஞ்சம் நிதானம் வேண்டும். வங்கி லெட்டர்ஹெட்டில் கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அப்படி முடித்தாலும் சிபில் அறிக்கையில் ‘குளோஸ்டு’ என்று வராது, ‘செட்டில்டு’ என்றுதான் நிற்கும். அடுத்த கடன் கேட்கும்போது அது முகத்தில் அடிக்கும். தவணையை நீட்டி முழுசாகக் கட்ட வழியிருந்தால் அதுதான் என் தேர்வு. முடிந்ததும் நோ டியூஸ் கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.