ஓடுதளத்துக்கு ஒரே நீளம் இல்லை

ஓசூரில் என்னிடம் விமானம் புறப்படும் முன் கணக்குப் போடும் டிஸ்பாட்ச் வேலைக்கான தேர்வுக்குப் படிக்க வருபவர்கள் அநேகமாக முதல் வாரத்திலேயே ஒரே தவறைச் செய்வார்கள். "சார், ரன்வே 2000 மீட்டர்" என்று எழுதிவிட்டு, எடை கணக்கை அதிலேயே முடித்துவிடுவார்கள்.

கற்பனையாக ஒரு ஓடுதளத்தை எடுத்துக்கொள்வோம். தளம் 2000 மீட்டர். கடைசியில் 60 மீட்டர் ஸ்டாப்வே, அதாவது டேக்-ஆஃபைக் கைவிட்டால் நிற்க மட்டும் உதவும் பகுதி. 300 மீட்டர் கிளியர்வே, தடையில்லாத வெளி. அதன் மேல் பறக்கலாம், ஓட முடியாது. தொடக்கத்தில் மரங்கள் உயரமாக இருப்பதால் இறங்கும் வாசலை 200 மீட்டர் உள்ளே தள்ளி வைத்திருக்கிறார்கள். இப்போது ஓட்டத்துக்கு (டோரா) 2000, எழும்ப (டோடா) 2300, ஓடி நிற்க (ஏ.எஸ்.டி.ஏ.) 2060, இறங்க (எல்.டி.ஏ.) 1800.

இதில் பெரிய எண்ணான 2300-ஐப் பிடித்துக்கொள்வதுதான் ஆபத்து. வி1 என்பது நிற்பதா பறப்பதா என்று முடிவெடுக்கும் வேகம். அந்த வேகத்தில் ஒரு எஞ்சின் போனால், நின்றுவிட வேண்டும் அல்லது பறந்துவிட வேண்டும். ஒரு குறிப்பிட்ட எடையில் இரண்டுக்கும் 2150 மீட்டர் தேவை என்று கணக்கு வந்தால், பறக்க இடமிருக்கிறது. நிற்க 90 மீட்டர் குறைகிறது. எடையைக் குறைக்கலாம். அல்லது வி1-ஐக் கொஞ்சம் இறக்கலாம்: நிற்கும் தூரம் சுருங்கும், எழும்பும் தூரம் நீளும். நிற்பது 2060-க்குள்ளும் எழும்புவது 2300-க்குள்ளும் அடங்கினால் எடை தப்பியது. ஆனால் ஓட்டம் டோராவின் 2000-க்குள் இருக்கிறதா, ஒரு எஞ்சின் போனாலும் தரையில் விமானத்தை நேராகப் பிடிக்கத் தேவையான தரைக் கட்டுப்பாட்டு வேகத்துக்குக் கீழே வி1 போகவில்லையா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்த தவறு இறங்கும்போது. ஸ்டாப்வேயை எல்.டி.ஏ.யில் கூட்டக்கூடாது. அதோடு 1800 முழுவதையும் செலவழிக்கவும் முடியாது: புறப்படும் முன்பு போடும் கணக்கில், ஜெட் விமானம் வாசலுக்கு மேல் 50 அடி உயரத்திலிருந்து 60 சதவீதத்துக்குள், 1080 மீட்டரில், நின்றாக வேண்டும். ஈரத் தளமென்றால் 15 சதவீதம் கூடுதல் தேவை, அப்போது 939 மீட்டர்தான். டேக்-ஆஃபைக் கைவிடும் கணக்கில் இப்படிப்பட்ட தாராளமான இடைவெளி கிடையாது. அதனால்தான் 90 மீட்டர் என்னை அவ்வளவு உறுத்துகிறது.

ஊரையும் மறக்கக்கூடாது. ஓசூர் சுமார் 3000 அடி உயரம். 30 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்ட நிலையான அளவில் 85 சதவீதம். விமானத்தின் வேகமானி அதே வேகம் காட்டினாலும் தரையில் நிஜ வேகம் அதிகம். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 17 சதவீதம் கூடிவிடும். தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி இறங்கிய பிறகு எழும் பிரேக் வாடை நமக்குத் தெரியாததா? எஞ்சினும் அதே மெல்லிய காற்றில் சோம்பலாக இழுக்கும், வி1 வர இன்னும் தூரம் போகும். சென்னையில் போட்ட அட்டவணையைக் கொண்டுவந்து இங்கே ஒட்டினால், அந்த 2060 எப்போது தீர்ந்தது என்றே தெரியாது.