கொங்கு நாட்டில் வழி கேட்பது: "தெக்கால பூந்துருங்க" என்றால் எந்தப் பக்கம்?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு நகரங்களுக்குள் வழி கேட்டால் "லெப்ட்", "ரைட்" என்றே பதில் வரும். நகரத்தை விட்டு இறங்கி ஒரு கிராமத்துத் தோட்டத்தைத் தேடிப் போகும்போதுதான் சிக்கல். அங்கே இடமும் இல்லை, வலமும் இல்லை. வடக்கால, தெக்கால, கெழக்கால, மேக்கால என்று நாலு திசையில்தான் வழி சொல்வார்கள். உள்ளூர்க்காரருக்குத் திசை யோசிக்காமலே தெரியும். வயலுக்குத் தண்ணீர் கட்டுவதும், வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்று சொல்வதும், பங்காளிகளின் பூமிக்கு அடையாளம் சொல்வதும் எல்லாம் திசையை வைத்துத்தான். மேக்காலத் தோட்டம், கெழக்காலத் தோட்டம் என்று தோட்டத்துக்குப் பெயரே இருக்கும்.

இப்படிச் சொல்வதில் ஒரு வசதி உண்டு. இடமும் வலமும் நீங்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். தெற்கு மாறாது. காங்கயம்–வெள்ளகோவில் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது மேற்கிலிருந்து கிழக்காகப் போகிறது. காங்கயத்திலிருந்து வருபவருக்குத் தெற்கு வலப்பக்கம். வெள்ளகோவிலிலிருந்து வருபவருக்கு அதே தெற்கு இடப்பக்கம். போனில் வழி கேட்டால் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்காமலே பெரியவர் "தெக்கால திரும்புங்க" என்பார். இரண்டு பேருக்கும் அது சரியான பதில். தலைக்குள் அதை மாற்றிக்கொள்ளும் வேலை மட்டும் உங்களுடையது.

அதற்கு முதலில் திசை தெரிந்திருக்க வேண்டும். காலையும் மாலையும் சூரியனைப் பார்த்தால் போதும். நடுப்பகல்தான் ஆளை ஏமாற்றும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்தவர்களுக்கு மத்தியான வெயில் தெற்கிலிருந்து வரும் என்ற பழக்கம் ஊறிப்போயிருக்கும். கொங்கு நாடு ஏறக்குறைய 11 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரைக்கும் இங்கே உச்சி வெயில் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். பள்ளி விடுமுறைக்குப் பலரும் ஊருக்கு வருவது அந்த மாதங்களில்தான். கோயிலை வைத்துக் கணிப்பதும் முழு நம்பிக்கைக்கு உரியதல்ல. கிழக்கு பார்த்த கோயில்கள்தான் அதிகம் என்றாலும் வடக்கு பார்த்த அம்மன் கோயில்களும் உண்டு. பகல் 11 மணிக்கு மேல் போன் திசைகாட்டியைப் பார்த்துக்கொள்வதே மேல்.

பழைய ஆட்களிடம் "மேல", "கீழ" என்ற சொற்களும் திசையைக் குறிக்கும். மேற்கே மலை, கிழக்கே காவேரி. நொய்யலும் பவானியும் அந்தப் பக்கமாகத்தான் இறங்கிப் போகின்றன. "கீழ போங்க" என்றால் பள்ளத்தில் இறங்கச் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், "கெழக்கயா சொல்றீங்க?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

கேட்கும் முறை

"ஏனுங்க" என்று தொடங்கினால் யாரும் நின்று பதில் சொல்வார்கள். வயதுக்குத் தக்கபடி அண்ணா, அக்கா, ஐயா, அம்மா சேர்த்துக்கொள்ளலாம். பெரியவர்கள் உங்களைக் "கண்ணு" என்றோ, பெண்ணாக இருந்தால் "அம்முணி" என்றோ கூப்பிடுவார்கள். அந்தச் சொற்களை நீங்கள் திருப்பி அவர்களிடம் சொல்லக்கூடாது. வினையோடு "ங்க" ஒட்டிக்கொண்டால் பாதி மரியாதை முடிந்தது: "வலசுக்கு எப்பிடிங்க போறது?" வலசு என்றால் சின்ன ஊர்.

கேள்வியைத் திறந்தே கேளுங்கள். "இது வலசுக்குப் போற ரோடுதானுங்களா?" என்றால், சரியாகத் தெரியாதவர்கூட மரியாதைக்காக "ஆமாங்க" என்று சொல்லிவிடுவார். "எப்பிடிங்க போறது?" என்று கேட்டால் தெரிந்தவர் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். தெரியாதவர் "அந்த டீக்கடையில ஒருக்கா கேட்டுக்கங்க" என்று அனுப்பிவிடுவார். அதுவும் நல்ல பதில்தான். டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி இந்த மூன்றிலும் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தெரியும். திருப்பூரைச் சுற்றிய பனியன் கம்பெனிப் பகுதிகளில் ரோட்டில் நிற்பவர் வெளிமாநிலத்திலிருந்து வேலைக்கு வந்தவராக இருக்கலாம். அங்கே கடைக்காரரிடம் கேளுங்கள்.

அடுத்து "யாரூட்டுக்குங்க?" என்று திருப்பிக் கேட்பார்கள். விசாரணை என்று நினைக்க வேண்டாம். கதவு எண்ணும் தெருப் பெயரும் தோட்டங்களுக்கு உதவாது, ஆளை வைத்துத்தான் வீட்டைச் சொல்ல முடியும். உங்கள் தலைமுறையின் பெயரைச் சொன்னால் தெரியாமல் போகலாம். தாத்தாவின் பெயரும், தோட்டத்தின் பெயரும், எந்த வலசு அல்லது பாளையம் என்பதும் தெரிந்திருந்தால் வேலை சுலபம். புறப்படும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் இந்த மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயரை முழுதாகச் சொல்வதும் அவசியம். புதூர் என்று எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன, பக்கத்து ஊரையும் சேர்த்துச் சொன்னால்தான் தெரியும். பெருந்துறை வேறு, பெருந்துறை ஆர்.எஸ். வேறு. ஆர்.எஸ். என்பது ரயில் நிலையத்தை ஒட்டி வளர்ந்த பகுதி.

ஒரு பதிலைப் பிரித்துப் பார்ப்போம்

காங்கயத்திலிருந்து காரில் வந்து, வெள்ளகோவில் ரோட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்திக் கேட்கிறீர்கள். வரும் பதில் இப்படி இருக்கும்:

"இப்பிடியே கெழக்க போனீங்கன்னா ஒரு பிரிவு வருமுங்க. அதுல தெக்கால பூந்துருங்க. ஒரு கல்லு போனா நால்ரோடு. அதையும் தாண்டுனா வாய்க்காப் பாலம். பாலத்துக்கு அக்கட்ட மேக்க ரண்டாவது இட்டேரி. காட்டுக்குள்ளயே போனா தோட்டம் வந்துருமுங்க. பக்கந்தான்."

"பிரிவு" என்பது பெரிய ரோட்டிலிருந்து ஊர்ச்சாலை பிரியும் இடம். பஸ் நிறுத்தத்தின் பெயரும் பெரும்பாலும் அதுவே: இன்ன ஊர்ப் பிரிவு. ஊர் அங்கே இருக்காது, உள்ளே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கும். பஸ்ஸில் வருபவர்கள் பிரிவில் இறங்கிவிட்டு ஊரைக் காணோம் என்று முழிப்பது இதனால்தான். "பூந்துருங்க" என்றால் அந்த ரோட்டுக்குள் புகுந்துவிடுங்கள் என்று பொருள். நீங்கள் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே தெற்கு உங்கள் வலக்கை. எதிர்வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டிய திருப்பம் இது, முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள்.

"ஒரு கல்லு" என்பது பழைய கணக்கில் ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். இளையவர்கள் கிலோமீட்டரையே கல் என்பதும் உண்டு. எனவே 1 முதல் 1.6 கிலோமீட்டருக்குள் நால்ரோட்டைத் தேடுங்கள், 2 கிலோமீட்டர் தாண்டியும் வரவில்லை என்றால் நின்று கேளுங்கள். "பர்லாங்" என்று காதில் விழுந்தால் ஏறக்குறைய 200 மீட்டர்.

"பாலத்துக்கு அக்கட்ட" என்றால் பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம். இந்தப் பக்கம் என்றால் "இக்கட்ட". எதிரில் என்பதற்கு "எதுக்கால" என்பார்கள். இவை மூன்றும் தெளிவான சொற்கள். குழப்பம் தருவது "முன்னாடி"தான். "பாலத்துக்கு முன்னாடி" என்பது பாலத்தை எட்டும் முன்பா, பாலத்தின் எதிரிலா? "பாலம் ஏறணுங்களா, ஏறக்கூடாதுங்களா?" என்று கேட்டால் தீர்ந்தது.

பாலம் தாண்டும்போது நீங்கள் தெற்கே போய்க்கொண்டிருப்பீர்கள். "மேக்க" என்றால் மறுபடியும் வலக்கை. வெள்ளகோவிலிலிருந்து வந்திருந்தாலும் இந்தத் திருப்பம் வலக்கைதான். முதல் திருப்பம் மட்டும் இடக்கையாக இருந்திருக்கும்.

"இட்டேரி" என்பது இரண்டு பக்கமும் கிளுவை வேலி நிற்க, நடுவே தோட்டங்களுக்குப் போகும் மண்தடம். மாட்டுவண்டி போகும் அகலம்தான். எதிரே இன்னொரு வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போயாக வேண்டும். "தடம் இருக்குதுங்களா?" என்று கேட்டுப் பயனில்லை. டிராக்டர் ஓட்டுபவருக்கு எல்லாம் தடம்தான். "கார் போகுமுங்களா, உள்ள திருப்ப எடம் இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். முதலிலேயே "கார்ல வந்திருக்கறமுங்க" என்று சொல்லிவிடுவது இன்னும் நல்லது. பைக்குக்கான குறுக்கு வழியை விட்டுவிட்டு அவரே சுற்று வழியைச் சொல்வார்.

"காட்டுக்குள்ளயே" என்றதும் பயப்பட வேண்டாம். கொங்கில் காடு என்றால் மழையை நம்பிய மேட்டுநிலம். கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம்.

கடைசியாக "பக்கந்தான்". இதற்கு அளவே கிடையாது. "அஞ்சு நிமிசம்" என்றால் அவர் பைக்கில் போகும் ஐந்து நிமிடம், அதாவது 3 கிலோமீட்டர் வரை இருக்கலாம், நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். "நடந்து போனா எத்தன நேரமுங்க ஆகும்?" என்று கேட்டால்தான் தூரம் பிடிபடும். "கூப்புடு தூரம்" என்று சொன்னால் மட்டும் தயங்காமல் நடக்கலாம். அதே போல "நெம்பத் தொலவுங்க" என்று ஒருவர் சொன்னால் அது உண்மையிலேயே தூரம்தான், வண்டி பிடித்துக்கொள்ளுங்கள்.

பதிலைக் கேட்டு முடித்ததும் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: "எது வந்தா தாண்டிப் போய்ட்டோம்னு அர்த்தமுங்க?" "கோழிப்பண்ணை வந்துச்சுன்னா தாண்டிட்டீங்க, திரும்பீருங்க" என்பது போல ஒரு பதில் கிடைக்கும். வெட்டிப்போட்ட வேப்பமரத்தையும் மூடிப்போன மில்லையும் இன்னும் அடையாளமாகச் சொல்லும் வழக்கம் இருப்பதால், இந்தக் கடைசி அடையாளம்தான் பலமுறை கைகொடுக்கும்.

இடம் வலம் சொல்பவர்களிடமும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. "ரைட்டு" என்றால் இங்கே "சரி" என்றும் பொருள். பஸ் கண்டக்டர் "ரைட் ரைட்" என்றால் வண்டியை எடுக்கச் சொல்கிறார். "ரைட்டுங்க, நேரா போங்க" என்று ஒருவர் சொன்னால் வலப்பக்கம் திரும்பிவிடாதீர்கள். வயதானவர்கள் வலத்தைச் "சோத்தாங்கை", இடத்தைப் "பீச்சாங்கை" என்பார்கள். கேட்டுப் புரிந்துகொண்டால் போதும், இடப்பக்கத்துக்கு நீங்கள் "லெப்ட்" என்றே சொல்லிக்கொள்ளலாம். சொல் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் காட்டினால் கையை நம்புங்கள்.